காத்தான் சத்திரத்துச் சோறும் செட்டியார் கடைச் சரக்கும்

நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோறு எவ்வளவு தாமதமாகக் கிடைக்கும் என்று காளமேகம் பாடிய வெண்பா தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலருக்கும் தெரிந்ததுதான். பொழுது சாய்கிற நேரத்தில்தான் அரிசியே வந்து இறங்கும். அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பசியோடு உட்கார்ந்திருப்பவனின் இரவு முழுக்க நாலு அடிக்குள் வந்துவிடுகிறது. கதையின் மறுபாதியும் தெரிந்திருக்கும். சத்திரக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து, “என் பேரை இப்படிக் கெடுத்துவிட்டீர்களே” என்று நிற்க, புலவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதே பாட்டை வாழ்த்தாக்கிக் காட்டினாராம். நாட்டில் உணவே அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும். அதை உலையில் இட்டால் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளி நட்சத்திரம் வெட்கப்பட்டு எழுந்து போகும். கதை இங்கே முடிந்து எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு இங்கேதான் உறுத்தல் தொடங்குகிறது. ஒரே பாட்டு வசையாகவும் வாழ்த்தாகவும் இருக்கமுடியும் என்றால், அது காத்தானைப் பற்றி என்னதான் சொன்னது?

சொல்விளையாட்டால் கனமான ஒரு விஷயத்தைச் சொல்லமுடியுமா என்று கேட்பவர்கள் வழக்கமாக “சிரிப்பு வந்தால் சிந்தனை போய்விடும்” என்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிரித்துக்கொண்டே யோசிப்பது மனிதர்களுக்கு முடிகிற காரியம்தான். ஆனால் காத்தான் பாட்டு எழுப்பும் ஆட்சேபம் அதைவிட வலுவானது. இரண்டு பக்கமும் திருப்பிப் போடக்கூடிய பேச்சு எந்தப் பக்கமும் நிற்காது. நீதிமன்றத்தில் அப்படிச் சாட்சி சொன்னால் சாட்சியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எனவே சிலேடைக்காகவும் வேடிக்கைப் பாட்டுக்காகவும் வாதாட வருகிற என்னைப் போன்றவர்கள் இந்த ஆட்சேபத்தைத்தான் முதலில் சந்திக்கவேண்டும். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளிமையானது. பாட்டிலிருந்து விளையாட்டைக் கழற்றிவிட்டு, சொன்ன விஷயத்தை உரைநடையில் எழுதிப் பாருங்கள். மிச்சம் என்ன நிற்கிறது, எது காணாமல் போகிறது என்று பார்த்தால் போதும். இதற்குக் காளமேகத்தைவிட நல்ல களம் தமிழில் இல்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் அவர் பெயரில் தனிப்பாடல் திரட்டுகளில் எல்லாத் தரத்திலும் சரக்கு இருக்கிறது. அவற்றில் எது உண்மையில் அவருடையது, எது பின்னால் அவர் தலையில் கட்டப்பட்டது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.

பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சிலேடையாக வரும் பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். விடம் என்றால் நஞ்சு. “பெரிய இடம்” என்பது வகர மெய்யை விழுங்கிக்கொண்டு சேரும்போது அதே ஒலியில் பெரியவர்கள் இருக்கும் இடமாகவும் கேட்கும். பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும் என்பது நம் ஊர் வழக்கம். பித்தர் என்றால் பைத்தியம் பிடித்தவர், அவர் தலையில் பழத்தைத் தேய்ப்பார்கள். பித்தர் என்றால் சிவன், அவர் தலையில் பாம்பு இருக்கும். இப்படியே போகிறது. கேட்கக் கேட்க வியப்புத்தான். ஆனால் சோதனையை வைத்துப் பாருங்கள்: பாம்பும் எலுமிச்சையும் ஒன்று என்று புலவர் நம்பவில்லை, நம்மையும் நம்பச் சொல்லவில்லை. விளையாட்டைக் கழற்றினால் மிச்சம் எதுவும் இல்லை. சர்க்கஸ்காரன் கம்பிமேல் நடந்து எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை; இதுவும் அப்படித்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வகைப் பாட்டுகளை வைத்துக்கொண்டு “சிலேடை வெறும் வித்தை” என்று முடிவு கட்டுகிறவர்கள், வித்தைக்காகவே எழுதியதை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதே என் குறை.

அடுத்த படியில் இருப்பது ககர வரிசை எழுத்துகளை மட்டுமே வைத்து எழுதிய பாட்டு. வாயால் சொல்லிப் பார்த்தால் மரத்தடியில் காக்கைகள் சண்டை போடுவதுபோல இருக்கும். பொருளற்ற சத்தம் என்றே முதலில் காது முடிவு கட்டும். பிரித்துப் படித்தால்தான் நெஞ்சு திடுக்கிடும்: அதற்குள் ஓர் அரசியல் பாடமே உட்கார்ந்திருக்கிறது. இரவில் காக்கையால் ஆந்தையை வெல்லமுடியாது, பகலில் ஆந்தையால் காக்கையை வெல்லமுடியாது. நாட்டைக் காக்கிற அரசன் கொக்கைப் போலக் காத்திருந்து காலம் பார்த்து அடிக்கவேண்டும். காலம் தவறினால் கைவலிமை உள்ளவனாலும் ஆகாது. திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அதன் முதல் குறளில், அதாவது 481இல், காக்கையும் ஆந்தையும் இருக்கின்றன. கடைசிக் குறளான 490இல் கொக்கு இருக்கிறது. ஓர் அதிகாரத்தின் தலையையும் வாலையும் பிடித்து ஒரே வெண்பாவில், ஒரே எழுத்து வரிசையில் அடைத்திருக்கிறார். அசாத்தியமான காரியம். ஆனால் நான் சொன்ன சோதனையை வைத்தால் முடிவு வேறு மாதிரி வருகிறது. விளையாட்டைக் கழற்றினாலும் கருத்து அப்படியே நிற்கிறது. வள்ளுவர் அதைத் தெளிவாகச் சொல்லியும்விட்டார். ககர வரிசை அந்தக் கருத்துக்கு எதையும் கூட்டவில்லை. மாத்திரையின்மேல் சர்க்கரை தடவினாலும் மருந்து என்னவோ உள்ளே இருப்பதுதான். கருத்துள்ள விளையாட்டுக்கும் விளையாட்டே கருத்தாவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இந்தப் பாட்டு நன்றாகக் காட்டுகிறது. “வேடிக்கையாகச் சொன்னால் மனதில் பதியும்” என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் படியோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் படிக்கு மளிகைக் கடைக்குப் போகவேண்டும். காளமேகம் பெயரில் வழங்கும் இன்னொரு வெண்பாவில் வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம் என்று சரக்குப் பட்டியல் போகிறது. கேட்கப்படுபவர் ஏரகத்துச் செட்டியார். ஏரகம் என்றால் சுவாமிமலை, செட்டியார் என்றால் அங்கே இருக்கும் முருகன். மேலோட்டமாகக் கேட்டால் இது ஒரு வாடிக்கையாளரின் பேரம்: வெங்காயம் காய்ந்து சுக்காகிவிட்டால் வெந்தயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இந்தச் சரக்கை யார் சுமப்பது, நல்ல சீரகமாகக் கொடுத்துவிடும், பெருங்காயம் எனக்கு வேண்டாம். இரண்டாம் முறை கேட்கும்போது ஒவ்வொரு சரக்கும் உடைகிறது. காயம் என்றால் உடம்பு. வெம்மையான இந்த உடம்பு வற்றிச் சுக்காகிவிட்டால், வெந்த அயம், அதாவது புடம் போட்ட இரும்புச் செந்தூரம், என்ன பயன் தரும்? இந்தப் பொதியை யார் சுமந்துகொண்டிருப்பார்கள்? சீர் அகமாகிய வீடுபேற்றைத் தந்துவிட்டால், இன்னொரு பெரிய காயத்தைத் தேடி நான் வரமாட்டேன்.

விளையாட்டைக் கழற்றி எழுதினால் “உடம்பு நிலையில்லாதது, மருந்து அதைக் காப்பாற்றாது, முருகா முக்தி கொடு” என்று வரும். இதைச் சித்தர்களும் பட்டினத்தாரும் எத்தனையோ முறை, எத்தனையோ உக்கிரமாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இதுவும் ககரப் பாட்டைப் போன்றதுதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பு நிலையற்றது என்று உபதேசம் கேட்கிறவன் உபதேசம் கேட்கிற மனநிலையில்தான் உட்கார்ந்திருப்பான். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவான். இந்தப் பாட்டைக் கேட்கிறவன் கடை வாசலில் நிற்கிறான். எது காய்ந்தது, எது நல்லது, எதை வாங்கலாம், எதை விடலாம் என்று அவன் மனம் ஏற்கெனவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பேரம் பேசப்பட்டது தன் உடம்புதான் என்று பிறகுதான் தெரியவருகிறது. உயிர் வாழ்வதை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே பாட்டின் பொருள்: நோய் வந்தால் மருந்து வாங்கு, இந்தச் சரக்கு கெட்டால் அடுத்த சரக்கு என்று கடைக்காரப் புத்தியோடு. கேட்பவனை முதலில் அந்தப் புத்திக்குள் இழுத்துப் போடாமல் அதை அவனுக்குக் காட்டமுடியாது. சிலேடை இங்கே செய்கிற வேலை அது. கழற்றி எடுத்த உரைநடையில் முடிவு இருக்கிறது. முடிவுக்கு வந்துசேர்ந்த அனுபவம் இல்லை.

இதற்கும் ஒரு பதிலடி உண்டு. காயம் என்ற சொல் உடம்பையும் பெருங்காயத்தையும் குறிப்பது மொழியில் நடந்த ஒரு தற்செயல். தற்செயலான ஒலி ஒற்றுமையிலிருந்து வாழ்க்கையைப் பற்றி எந்த உண்மையும் கிளம்பாது என்பது அந்தப் பதிலடி. முழுக்கச் சரி. சிலேடை எதையும் நிரூபிக்காது. உடம்பு அழியும் என்பதற்குப் பெருங்காயம் சாட்சி ஆகமுடியாது. ஆனால் பாட்டு நிரூபிக்க வரவில்லை. உடம்பு அழியும் என்பது கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் அவன் நடந்துகொள்கிற விதம்தான் பாட்டின் இலக்கு. ஒலி ஒற்றுமை தற்செயல்; அவன் கடைக்காரப் புத்தி தற்செயல் இல்லை. எந்த இடத்தில் சொல்லின் தற்செயல் நம் பழக்கத்தின் உண்மையோடு பொருந்துகிறதோ அந்த இடத்தில்தான் சிலேடைக்கு எடை கூடுகிறது. பாம்புக்கும் எலுமிச்சைக்கும் அப்படிப் பொருத்தம் எதுவும் கிடையாது என்பதால்தான் அங்கே வியப்போடு நின்றுவிடுகிறோம்.

சிலேடையே இல்லாமல் வெறும் கிறுக்குத்தனமான தர்க்கத்தை வைத்தும் இதைச் செய்யலாம். திருக்கண்ணபுரத்துப் பெருமாளிடம் காளமேகம் சொன்னதாக வரும் பாட்டைப் பாருங்கள். கடவுளரில் நீ உயர்ந்தவன்தான், ஆனால் உன்னைவிட நான் உயர்ந்தவன் என்று ஆரம்பித்துக் கணக்குக் காட்டுகிறார். உனக்குப் பிறப்பு பத்து. சிவனுக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கோ எண்ணித் தீராது. எண்ணிக்கை கூடினால் உயர்வு என்ற அளவுகோலை ஒப்புக்கொண்டால் முடிவை மறுக்கமுடியாது: சிவன் கடைசி, திருமால் நடு, புலவர் முதல். கணக்கில் எந்த இடத்திலும் தவறு இல்லை. தவறெல்லாம் அளவுகோலில். சைவமா வைணவமா, யார் கடவுள் பெரியவர் என்று சண்டை போட்டவர்கள் கையில் இருந்ததும் ஏதோ ஓர் அளவுகோல்தான். அந்தச் சண்டையின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பிறவிப் பிணியில் உழலும் மனிதனை முதல் பரிசுக்காரனாக நிறுத்திவிடுகிறார். உலகில் நல்ல அபத்தக் கவிதை எல்லாமே இப்படித்தான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. வடிவம் மிகக் கறாராக இருக்கும். உள்ளே போட்ட பொருள் மட்டும் தறிகெட்டதாக இருக்கும். வடிவத்தையும் தளர்த்திவிட்டால் உளறல்தான் மிஞ்சும். கேட்பவருக்குச் சிரிப்பும் வராது, சந்தேகமும் வராது.

ஆங்கிலத்தில் லூயிஸ் கரோல் செய்ததும் இதே வேலை. ஐசக் வாட்ஸ் 1715இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட நீதிப் பாட்டுகளில், சோம்பல் இல்லாத தேனீயைக் காட்டி உழைப்பைப் போதிக்கும் பாட்டு ஒன்று உண்டு. விக்டோரியா காலத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். 1865இல் வந்த ஆலிஸ் கதையில் கரோல் அந்தச் சந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு தேனீக்குப் பதில் முதலையை உட்கார வைத்தார். முதலையும் சோம்பல் இல்லாமல்தான் உழைக்கிறது: வாலுக்கு மெருகேற்றுகிறது, சின்ன மீன்களைப் புன்னகையோடு வாய்க்குள் வரவேற்கிறது. உழைப்பு நல்லது என்று சொன்னீர்களே, யாருக்கு நல்லது என்று சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. ஆனால் இன்று வாட்ஸை யார் படிக்கிறார்கள்? முதலை மட்டும் பிழைத்திருக்கிறது. தேனீயைத் தெரியாதவருக்கு முதலைப் பாட்டு வெறும் விநோதம். விளையாட்டு தான் கேலி செய்த பொருளை நம்பியே வாழ்கிறது. அந்தப் பொருள் செத்தால் கேலியின் கூர்மையும் போய்விடுகிறது. சொல்விளையாட்டை ஆதரிக்கிற நான் இதை மறுக்கமுடியாது. மளிகைப் பாட்டு இன்னும் வேலை செய்கிறது என்றால், உடம்பும் கடையும் இன்னும் இருப்பதால்தான்.

இப்போது காத்தானிடம் திரும்பிப் போவோம். அந்தப் பாட்டின் இரண்டு பொருளும் சம எடை கொண்டவை என்று கதை நம்மை நம்பவைக்கிறது. பாட்டைக் கேட்டுப் பாருங்கள்; அப்படி இல்லை. பசியின் பொருள் காதில் விழுந்தவுடன் தானாக வருகிறது. மாலை, ஊர் உறங்கும் நேரம், விடியல் என்று நேரம் ஒழுங்காக நகர்கிறது. வாழ்த்துப் பொருளை வரவழைக்க உரைகாரர் வேண்டும். பொழுது மறைவதைப் பஞ்சமாக்கவேண்டும், ஊர் உறங்குவதைப் பசி தணிவதாக்கவேண்டும், வெள்ளி முளைப்பதை வெட்கப்பட்டு ஓடுவதாக்கவேண்டும். நேரத்தின் நகர்வும் அதில் உடைந்துபோகிறது. ஆகவே இது இருபக்கமும் ஓடுகிற வண்டி இல்லை. ஒரு பக்கம் ஓடுகிறது, மறுபக்கம் தள்ளவேண்டியிருக்கிறது. அந்தத் தள்ளல் எதற்கு என்றால், சோறு போடுகிறவரைப் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. புரவலரை நம்பிப் பிழைத்த புலவனுக்குச் சிலேடை ஒரு கொல்லைப்புறக் கதவு. முன்வாசலில் உண்மையைச் சொல்லிவிட்டுக் கொல்லை வழியாகத் தப்பித்துவிடலாம். அந்தக் கதவு இருந்ததால்தான் உண்மை சொல்லப்படவே முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் கதவின் விலையையும் கவனியுங்கள்: பாட்டைச் சொல்லும்போதெல்லாம் நாம் புலவரின் சாமர்த்தியத்தைத்தான் மெச்சுகிறோம், அன்று பட்டினியாகப் படுத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

“இன்றைக்கும் முடியுமா” என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று எதுகை மோனையும் சிலேடையும் மேடைப் பேச்சு, விளம்பரம், சினிமா பஞ்ச் வசனம், சுவரொட்டி என்று பிழைப்பு நடத்துகின்றன. எதையும் ஏற்றி விற்கலாம் என்கிற அளவுக்கு அவை மலிந்துவிட்ட பிறகு, கவிஞன் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தால் யார் மதிப்பார்கள் என்பது நியாயமான சந்தேகம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஞானக்கூத்தன். 1970இல் தொடங்கிய கசடதபற சிற்றிதழைச் சேர்ந்தவர். வல்லின எழுத்துகளையே பத்திரிகைக்குப் பெயராக வைத்த கூட்டம் அது. அவருடைய முதல் தொகுப்பு அன்று வேறு கிழமை 1973இல் வந்தது. காலவழுவமைதி என்ற கவிதையில் அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு மேடைப் பேச்சாளர் ஒலிபெருக்கியில் பேசும்போது சொற்கள் எப்படி இழுபடுகின்றன, மூக்கில் நுழைந்து வெளியே வருகின்றன, உகரம் எப்படி ஒகரமாக உருண்டு போகிறது என்பதைக் காதால் கேட்டபடி எழுத்தில் இறக்கினார். கருத்து என்று தனியாக ஒரு வரிகூடச் சொல்லவேண்டியதில்லை. அலங்காரம் பொருளைத் தின்றுவிட்டு எப்படிக் கொழுத்திருக்கிறது என்பதை அந்த எழுத்துக்கூட்டலே காட்டிவிடுகிறது. தலைப்பும் குறும்புதான். காலத்தைத் தவறாகச் சொன்னாலும் இலக்கணம் மன்னித்து ஏற்பதைக் காலவழுவமைதி என்பார்கள். இங்கே வழு ஒரு காலத்தினுடையது, ஏற்றுக்கொண்டவர்கள் நாம். கழற்றிப் பார்க்கும் சோதனைக்கு இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. விளையாட்டை எடுத்துவிட்டால் கவிதையே இல்லை. “மேடைப் பேச்சு வெறும் ஆரவாரம்” என்ற, யாரும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம்தான் கிடக்கும்.

அவருடைய கிண்டல் திராவிட இயக்க மேடையை மட்டும் குறிவைத்தது, அதன் பின்னால் மேட்டிமை இருக்கிறது என்ற விமர்சனம் உண்டு. அதைப் புறந்தள்ளக் கூடாது. அந்த மேடைத் தமிழ்தான் படிப்பறிவில்லாத கூட்டத்துக்கு முதன்முதலாக மொழியை உரிமையோடு கொடுத்தது. அதன் ஒலியைக் கேலி செய்வது கேட்டவர்களையும் சேர்த்துக் கேலி செய்வதாகப் படலாம். என் பதில் பாதிப் பதில்தான். அந்தக் குரல் பின்னாளில் எல்லாக் கட்சிக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது, கவிதையும் கட்சி மாறாமல் எல்லோரையும் பின்தொடர்கிறது.

எல்லாவற்றையும் இப்படி விளையாட்டாக எழுதிவிடமுடியுமா என்றால், முடியாது. அதே ஞானக்கூத்தன் கீழ்வெண்மணி பற்றியும் எழுதினார். 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்ட நிகழ்வு அது. அந்தக் கவிதையில் சிலேடையோ குரல் நையாண்டியோ கிடையாது. காரணம் பயபக்தி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். விளையாட்டுக்கு இரண்டாம் வாசிப்பு வேண்டும், கேட்பவர் திரும்பிப் போய் வேறு மாதிரிக் கேட்க இடம் வேண்டும். எரிந்த குடிசைக்கு இரண்டாம் வாசிப்பு கிடையாது. ஆனால் அந்த வழக்கில் 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்த தீர்ப்பு இருக்கிறதே, அது வேறு சங்கதி. பெரும் நிலம் படைத்த கனவான்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் வாதம். வடிவம் கறாராக இருக்கிறது: நிலம் உள்ளவர் நடக்கமாட்டார், நடக்காதவர் தீ வைத்திருக்கமுடியாது. கண்ணபுரத்துக் கணக்கைப் போலவே இதிலும் கோளாறு அளவுகோலில்தான். நெருப்பின்மேல் கை வைக்க வேடிக்கைக் கவிக்கு வேலை இல்லை. இந்த வாதத்தின்மேல் நிறைய வேலை இருந்தது.